‘உள்ளது’ எடுத்தால் அர்த்தமும் மாறுகிறதே, உதவுங்களேன்

ஊர் மலருக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டம் பற்றி எழுதுகிறேன். வரிக்கு வரி ‘உள்ளது’, ‘ஆகும்’. ‘நாஞ்சில் நாட்டின் முக்கியப் பயிர் நெல் ஆகும்’ என்பதை ‘நாஞ்சில் நாட்டில் முக்கியமாக நெல் விளைகிறது’ என்று எளிதாக மாற்றிவிட்டேன்.

‘தோவாளையில் பூச்சந்தை உள்ளது’ என்ற வரியில்தான் மாட்டிக்கொண்டேன். ‘களைகட்டுகிறது’ என்று போட்டேன். அக்கா சிரித்தாள்: “சந்தை இருக்குன்னுதானே சொன்ன, கூட்டம் எங்கிருந்து வந்துச்சு?” சரிதான். ‘கூடுகிறது’ என்றால் தினமுமா, வாரச்சந்தையா என்று கேட்பார்கள்.

அடுத்த வரி, ‘அங்கிருந்து கேரளாவுக்குப் பூக்கள் அனுப்பப்படுகின்றன’. இரண்டையும் சேர்த்து, ‘தோவாளைப் பூச்சந்தை கேரளாவுக்குப் பூ அனுப்புகிறது’ என்று எழுதலாமா? சந்தையா அனுப்புகிறது, வியாபாரிகள்தானே என்று ஒரு சந்தேகம். இல்லை, இந்த ‘உள்ளது’ மட்டும் அப்படியே இருக்கட்டுமா? நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.