கேபிடல் வொர்க் இன் ப்ராகிரஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்குகையில் இரண்டு சொற்களில் நிற்கிறேன். இன்னும் முடியாத சொத்துக்கு ஆன செலவைக் குறிக்கும் Capital Work in Progress என்பதற்கு "நடப்பிலுள்ள மூலதனப் பணி" என்று போட்டிருக்கிறேன். Available-for-use Date என்பதற்கு "பயன்படுத்தத் தொடங்கிய நாள்". சரியா?

தணிக்கையாளர்:
முதல் சொல்லில் எனக்கொரு சங்கடம். பாடநூல்களில் "நடப்புச் சொத்து" என்றால் ரொக்கம், சரக்கு, கடனாளிகள். ஐந்தொகையில் அதே "நடப்பு" இன்னோர் இடத்திலும் வந்தால் படிப்பவர் குழம்புவார். "முடிவுறா மூலதனப் பணி" என்று வைக்கலாம்.

இரண்டாவது சொல்தான் ஆபத்து. அது மொழிப்பிழை மட்டுமல்ல, கணக்கையே மாற்றிவிடும். இந்தியக் கணக்கீட்டுத் தரம் 16-இன் 55-ஆம் பத்திப்படி, சொத்து பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து தேய்மானம் ஓடும். நிர்வாகம் நினைத்தபடி இயங்கத் தேவையான இடத்திலும் நிலையிலும் இயந்திரம் வந்துவிட்டால் போதும். அதில் முதல் வேலை எடுத்த நாள் அதற்குப் பிறகு வரலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சிஎன்சி இயந்திரத்தின் அடக்கம் ₹45,00,000, வரவு எடுத்த ஜிஎஸ்டி நீங்கலாக. ஆயுள் 15 ஆண்டு, எஞ்சிய மதிப்பு 5%. நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் ₹2,85,000. சோதனை ஓட்டம் முடிந்து ஏற்புச் சான்றில் கையொப்பமான நாள் 20-9-2024. ஆர்டர் இல்லாததால் முதல் உற்பத்தி 4-11-2024. தயாரான நாளிலிருந்து மார்ச் 31 வரை 193 நாள், தேய்மானம் ₹1,50,699. "தொடங்கிய நாள்" என்று படித்து நவம்பரைப் போட்டால் 148 நாள், ₹1,15,562 மட்டுமே. ₹35,137 குறைகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் "பயன்பாட்டுக்குத் தயாரான நாள்" என்று மாற்றுகிறேன்.

ஆலைக் கணக்காளர்:
மாற்றாதீர்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 32-ஆம் பிரிவில் பயன்படுத்தியிருந்தால்தானே தேய்மானம்? 180 நாளுக்குக் குறைந்தால் பாதிதான் கிடைக்கும்.

தணிக்கையாளர்:
வரிக்கு நீங்கள் சொல்வது சரிதான். இதே இயந்திரம் 148 நாளில் நிற்பதால் 15%-க்குப் பதில் 7.5% தான். ஆனால் அது வரிக் கணக்கு. நிறுவனக் கணக்கேட்டுக்கு அந்த நாள் பொருந்தாது. இரண்டையும் ஒரே கட்டத்தில் திணித்தால் ஒன்று பிழையாகும். வரிக்கான நாளைத் தனியே குறித்து வையுங்கள்.

ஆலைக் கணக்காளர்:
எங்கள் அரிசி ஆலையில் கலர் சார்ட்டர் பொருத்தி முடித்தாயிற்று, கூடுதல் மின்சுமை மட்டும் வரவில்லை. இது தயாரா, இல்லையா?

தணிக்கையாளர்:
மின்சாரம் இல்லாமல் சோதனை ஓட்டமே நடக்கவில்லை என்றால் தயார் என்று நான் எழுதமாட்டேன். ஜெனரேட்டரில் ஓட்டிப் பார்த்துச் சரி என்றிருந்தால் பதில் மாறலாம். உங்கள் தணிக்கையாளரிடம் சான்றுகளைக் காட்டிப் பேசுங்கள்.

ஈஆர்பி நிறுவுநர்:
நடைமுறையில் நான் பார்க்கும் தவறு வேறு. Asset Category-யில் முடிவுறா பணிக் கணக்கை இயக்கினால், பொருள் வரும்போது அந்தக் கணக்கில் பற்று விழும். Asset-ஐ Submit செய்த பின், தயாரான நாளில் அங்கிருந்து நிலைச் சொத்துக்கு மாறும். ஆனால் மாறுவது அந்தச் சொத்தில் பதிந்த தொகை மட்டும்.

மேலே உள்ள ₹45,00,000-இல் அடித்தளம் போட்ட ₹2,00,000 பில்லை யாரோ நேரே பணிக் கணக்கில் எழுதியிருந்தால், ₹43,00,000 மட்டும் நகரும். மீதி ₹2,00,000 அங்கேயே தேய்மானமின்றிக் கிடக்கும். பேரேட்டைத் திறந்தால் தெரியும்: இயந்திரம் ஓடுகிறது, ஆனால் இருப்பு பூச்சியத்துக்கு வரவில்லை. Submit-க்கு முன் அதை Composite Asset என்று குறியிட்டு, Asset Capitalization வழியாக எல்லாச் செலவையும் ஒரே சொத்துக்குள் கொண்டுவாருங்கள்.

தணிக்கையாளர்:
ஆண்டறிக்கையில் பணியின் வயதுப் பட்டியல் காட்ட வேண்டிய நிறுவனம் என்றால், அந்த மறந்துபோன இரண்டு லட்சம் மூன்றாண்டுக்கு மேற்பட்ட வரிசை வரை ஏறிக்கொண்டே போகும்.

தமிழாசிரியர்:
"முடிவுறா" என்றால் முடிவே இல்லாதது என்ற பொருளும் தொனிக்கிறது. "உருவாகிவரும் சொத்து" இயல்பாக இல்லையா?

ஈஆர்பி நிறுவுநர்:
அது உற்பத்தியில் பாதி முடிந்த சரக்கையும் குறிப்பதுபோல் இருக்கிறதே.

தணிக்கையாளர்:
தவிர, ஐந்தொகையில் அது சொத்து என்ற தலைப்பின்கீழ்தான் வருகிறது. "மூலதனம்" என்ற சொல் போய்விட்டால் வருவாய்ச் செலவோடு உள்ள வேறுபாடும் போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர்:
"பயன்பாட்டுக்குத் தயாரான நாள்" பதிவேற்றிவிட்டேன். பணிக்கான சொல்லுக்கு "முடிவுறா மூலதனப் பணி" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ஆசிரியர் சொன்ன தொனியைத் தவிர்க்க "நிறைவுறாத மூலதனப் பணி" ஏற்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.