வானம் செவந்தப்போ வாயில வந்த 'மா அஹ்மர': அரபில வியந்து பேசி மாட்டிக்கிட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க

ஜித்தா கணக்குப்பிள்ளை

ஜித்தால ஒரு கம்பெனில கணக்கு பாக்கேன், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அரபி கிளாஸ் போறேன், பேச்சு அரபி இல்ல, புத்தக அரபி. போன மாசம் வியப்பு வாக்கியம் எடுத்தாங்க. ஜமுல, அதாவது அழகா இருந்துச்சு, அந்த மூணு எழுத்து வெர்புக்கு முன்னாடி ஒரு 'அ' போட்டு வெர்போட முதல் எழுத்தை மெய்யா நிறுத்தி அஜ்மல ஆக்கணும், அதுக்கு முன்னாடி 'மா' வைக்கணும், எதைப் பாத்து வியக்கிறோமோ அதோட கடைசி எழுத்துக்கு ஸபர், அதாவது 'அ' ஓசை. மா அஜ்மலல் பஹ்ர! கடல் என்ன அழகு! தால, நீளமா இருந்துச்சு, இதுல நடுவுல இருக்க நெடில் திரும்ப வாவ்ங்கற எழுத்தா மாறி மா அத்வலல் லைல, ராத்திரி எவ்ளோ நீளம்னு வரும். ரெண்டு நாள்ல கையில கிடைச்ச வெர்ப் எல்லாத்தையும் இதுல போட்டுப் பாத்துட்டேன்.

அப்புறம் ஒரு நாள் கார்னிஷ்ங்கற கடற்கரை ரோட்டுல கூட வேலை பாக்குற எகிப்துக்காரப் பெரியவரோட நிக்கிறேன், சூரியன் செங்கடலுக்குள்ள எறங்குது, மேல வானம் முழுக்க ரத்தச் சிவப்பு. அஹ்மர்னா சிவப்பு, அதனால யோசிக்காம "மா அஹ்மரஸ் ஸமாஅ!"ன்னேன். அவர் தலைய ஆட்டிட்டு நிதானமா "மா அஷத்த ஹும்ரதஸ் ஸமாஇ"ன்னு திருப்பிச் சொன்னார். வானத்தோட சிவப்பு என்ன கடுமை, அப்படிங்கிற மாதிரி. ஏன்னு கேட்டா "அப்படிச் சொல்ல மாட்டோம்"னு மட்டும் சொன்னார். யாருக்காவது தெரியுமா?

மேலப்பாளையம்

இது சிம்பிள்ங்க. செவந்துச்சுங்கறதுக்கு சாதாரணமா சொல்ற வெர்ப் இஹ்மர்ர, மூணு எழுத்துக்கு மேல போயிருச்சு. மூணு எழுத்து தாண்டிட்டா அந்த 'மா அஜ்மல' அச்சுல உக்காராது, அஷத்தனு ஒண்ண முன்னாடி வச்சு வெர்போட பெயர்ச்சொல்ல பின்னாடி போடணும். மத்தபடி இது 'அதை விட அழகு'ன்னு சொல்ற அஜ்மல் தான், முன்னாடி மா வச்சா வியப்பு ஆயிடும், நான் அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன், ஒண்ணும் தப்பாகல.

ஓதிக்கொடுக்கிறவன்

தம்பி சொன்னதுல பாதி சரி. நீள வெர்புக்கு அதுதான் வழி, ஒருத்தர் ஓயாம பாவமன்னிப்பு கேட்டுட்டே இருக்காருன்னா இஸ்தக்ஃபரவ நேரா அச்சுல போட முடியாது, மா அக்தர இஸ்திக்ஃபாரஹுன்னு தான் சொல்லணும். எண்ணிக்கை அதிகம்னா அக்தர, வேகம் கடுமைன்னா அஷத்த, பொருளைப் பாத்து எடுக்கணும்.

ஆனா சிவப்புக்கு அது மட்டும் காரணம் இல்ல. நொண்டினார்ங்கறதுக்கு அரிஜன்னு மூணே எழுத்து வெர்ப் இருக்கு, அதுவும் போகாது. ஏன்னா அஃரஜ்னாலே நொண்டின்னு அர்த்தம், அஹ்மர்னாலே சிவப்பு. நிறத்துக்கும் உடம்புக் குறைக்கும் அந்த அச்சை ஏற்கனவே கொடுத்தாச்சு, அங்க அது 'ரொம்ப'ங்கற பொருளைத் தராது, வெறும் 'சிவப்பானது' தான். அதனால சிவப்பை ஹும்ரத்னு தனியா எடுத்து வெளிய வைக்கணும். இன்னொண்ணு கவனிச்சீங்களா, நீங்க சொன்னதுல ஸபர் வானத்து மேல இருந்துச்சு, பெரியவர் சொன்னதுல அது சிவப்பு மேல போயிருச்சு, வானத்துக்கு ஸேர், அதாவது 'இ' ஓசை வந்திருச்சு, ஸமாஇ. வியப்பு இப்ப சிவப்பைப் பாத்து, வானம் அதுக்கு உரியது மட்டும்.

வெள்ளை, கறுப்பு ரெண்டுக்கும் நேரா சொல்லலாம்னு கூஃபா ஊர் இலக்கணக்காரங்க ஒத்துக்கிட்டாங்க, பஸ்ரா ஊர்க்காரங்க ஒத்துக்கல, அது பழைய சண்டை. நான் பஸ்ரா வழியில ஓதினவன், பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கேன்.

அப்புறம் அந்த 'அதை விட அழகு' விஷயம், தம்பி, அங்க அஜ்மலோட கடைசி எழுத்துல பேஷ், அதாவது 'உ' ஓசை வரலாம், ஸேர் வரலாம். இங்க அது ஸபர விட்டு நகரவே நகராது. என் உஸ்தாத் இதுக்குச் சொன்ன கதை, நஹ்வு, அதாவது அரபி இலக்கணம் பிறந்த கதையாவே சொல்லுவாங்க. அந்தக் காலத்து இலக்கண அறிஞர் அபுல் அஸ்வத் அத்துஅலியோட மக ராத்திரி வானத்தைப் பாத்து "மா அஹ்ஸனுஸ் ஸமாஇ"ன்னுச்சாம். அவர் "அதோட நட்சத்திரங்கள்"னு பதில் சொல்லிட்டார். ஏன்னா அது சொன்னது 'வானத்துல எது ரொம்ப அழகு'ங்கற கேள்வி. இல்ல வாப்பா, நான் வியந்து தான் சொன்னேன்னதும், அப்போ "மா அஹ்ஸனஸ் ஸமாஅ"ன்னு சொல்லு, வாயைத் திறன்னாராம். ஒரு பேஷும் ஒரு ஸேரும் ஸபரா மாறினதுதான், கேள்வி வியப்பாயிருச்சு.

இதே மா அஹ்ஸனவுக்குப் பின்னாடி ஸைதன்னு ஸபர்ல முடிச்சா ஸைது எவ்ளோ நல்லவன், ஸைதுன்னு பேஷ்ல முடிச்சா ஸைது நல்லது செய்யல! பாராட்டப் போய் பழி சொன்ன மாதிரி ஆகிடும். கடைசி எழுத்தை முழுங்கிப் பேசறவரைக்கும் தெரியாது, வாசிக்கும்போது தான் மாட்டுவோம்.

துபாய் கடை

நான் பதினொரு வருஷமா துணிக்கடைல நிக்கிறேன், இந்த மூணு எழுத்து கணக்கெல்லாம் தெரியாது. ஒரு தடவை கஸ்டமரம்மா இடுப்புல இருந்த குழந்தையப் பாத்து, டிவில கேட்டு வச்சிருந்த மாதிரி மா அஜ்மலஹுன்னு சொல்லிட்டேன். அந்தம்மா முகம் மாறிடுச்சு, குழந்தைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. பக்கத்துல இருந்த முதலாளி சட்டுனு மாஷா அல்லாஹ்ன்னார், அப்புறம் தான் சிரிச்சாங்க. அப்ப இந்த மாவும் அந்த மாவும் ஒண்ணுதானே, மா ஷான்னு ஒரு வெர்ப் வச்சுத்தானே அதையும் வியந்து சொல்றாங்க?

ஓதிக்கொடுக்கிறவன்

இல்லண்ணே, அது வேற மா. மாஷா அல்லாஹ்ல மான்னா 'எதுவோ அது', அல்லாஹ் நாடியது எதுவோ அதுன்னு பொருள். ஷாஅங்கறது சாதாரண இறந்தகால வெர்ப், அச்சுல போட்டது இல்ல. நீங்க சொன்ன வாக்கியத்துல இலக்கணம் சுத்தமா இருக்கு, அந்தம்மா பயந்தது கண்ணேறுக்கு. குழந்தையப் பாத்தா ரெண்டையும் சேத்துச் சொல்லிடுங்க.

மேலப்பாளையம்

ஸபர் விஷயத்தை ஒத்துக்கறேன், நான் இதுவரைக்கும் கடைசி எழுத்தே சொன்னதில்ல, அதான் தப்பு தெரியல. ஆனா ஒரு சந்தேகம். குர்ஆன்ல பகரா சூரா 175வது ஆயத்துல ஃபமா அஸ்பரஹும் அலன் நார்னு வருதே, வழிகேட்டை வாங்கினவங்களுக்கு நரகத்து மேல எவ்ளோ பொறுமைன்னு. அதுல 'ஹும்'ங்கறது ஒட்டிக்கிட்டு வர்ற சொல், அதுல ஸபர் பேஷ் எதுவும் மாறாது. அப்ப வியப்புன்னு எதை வச்சு முடிவு பண்றது?

ஓதிக்கொடுக்கிறவன்

நல்ல எடத்தைப் புடிச்சீங்க. அங்க ரெண்டு மாதிரியும் தஃப்ஸீர்ல, அதாவது குர்ஆன் விளக்கவுரையில எழுதியிருக்காங்க. அவங்களோட துணிச்சலைப் பாத்து மத்தவங்க வியக்கணும்ங்கறதுக்காகச் சொன்னதுன்னு ஒரு தரப்பு, அவங்களை நரகத்துல பொறுத்திருக்க வச்சது எதுன்னு கேக்குற கேள்வின்னு இன்னொரு தரப்பு. அஸ்பரன்னா 'பொறுக்க வச்சது'ன்னும் வாசிக்கலாம், எழுத்து ஒண்ணுதான். நான் வியப்புன்னு தான் ஓதிக் கொடுக்கிறேன், ஆனா கேள்வின்னு சொல்ற பிள்ளைய தப்புன்னு சொல்றதில்ல.

ஜித்தா கணக்குப்பிள்ளை

நேத்து மறுபடி கார்னிஷ் போனோம். மேகம், சிவப்பே வரல, எல்லாம் சாம்பல். பெரியவர் கடலைப் பாத்துட்டே "மா கான அஜ்மலஹா"ன்னார். நடுவுல ஒரு 'கான' வந்துச்சு, அன்னிக்கு எவ்ளோ அழகா இருந்துச்சுன்னு. கிளாஸ்ல இன்னும் அதை எடுக்கல, இந்தக் 'கான' எல்லா வெர்புக்கும் நடுவுல இப்படி நுழையுமா?