மெல்லும்போது காதோரம் 'டக்' சத்தமும் வலியும்: காதா, பல்லா, தாடை மூட்டா?

நிலாமுற்றம்:
மூன்று வாரமாக இடது காதுக்கு முன்னால் வலி. காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கும், மெல்லும்போது 'டக்' என்று சத்தம் வேறு. காது மருத்துவர் பார்த்துவிட்டு செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார். சரி, கடைவாய்ப் பல்தான் என்று பல் மருத்துவரிடம் போனேன். ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், குளிர்ச்சி வைத்தார், எக்ஸ்ரே எடுத்தார், எதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் காதுகளுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக வாயைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் தாடை இடப்பக்கம் ஒதுங்கி இறங்கி, 'டக்' என்றதும் நடுவுக்கு வருகிறது! கன்னத்துத் தசையை அழுத்தினார் பாருங்கள், நான் இத்தனை நாள் காதுவலி என்று சொன்ன அதே வலி.

கடல்காற்று:
சத்தம் வந்தாலே மூட்டு தேய்கிறது என்று அர்த்தம், ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா? எனக்கு அதில்தான் வந்தது.

வெண்முத்து:
பல் மருத்துவம் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன். பல்லைக் கடிப்பதைக் கேட்டது சரி, ஆனால் சத்தம் என்றால் தேய்மானம் என்பது சரியில்லை. மூட்டுக்குள் ஒரு சின்ன வட்டு இருக்கிறது, அது முன்னால் நழுவியிருந்தால் வாயைத் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பும், அந்தச் சத்தம்தான் இது. வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். சத்தம் திடீரென நின்று, வாயும் பாதிதான் திறக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள், வட்டு திரும்ப முடியாமல் மாட்டியிருக்கலாம்.

தென்னங்கீற்று:
என் பையனுக்கும் காதுவலி, சளியும் காய்ச்சலும் இருக்கிறது. இதுவும் தாடைதானா அக்கா?

வெண்முத்து:
இல்லை தம்பி, காய்ச்சலோடு வந்தால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும், இன்றே காட்டுங்கள். காது மடலை இழுத்தால் வலி, சீழ், கேட்பது மந்தம், இதெல்லாம் காதின் பக்கம். பல்வலி என்றால் குளிர்ச்சியோ சூடோ பட்டதும் சுரீரென்று இழுக்கும், தட்டினால் அந்த ஒரு பல்தான் வலிக்கும். தாடை வலி மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் கூடும், இந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இன்னொன்று, 50 வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப்பொட்டிலும் புதிதாகத் தலைவலி வந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையையே பறித்துவிடும், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நிலாமுற்றம்:
கணினி முன்னால் உட்கார்ந்தால் பற்களை இறுக்கிக்கொள்கிறேன் என்று இப்போதுதான் கவனித்தேன். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாதாம். திரையோரம் 'பல்' என்று ஒரு சீட்டு ஒட்டி, மெத்தென்ற சாப்பாடு, கன்னத்தில் சூடான துணி ஒத்தடம் என்று ஒரு மாதம் ஓட்டினேன். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, சத்தம் அப்படியே இருக்கிறது. இரவில் பல்லுக்கு உறை போடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, போட்டவர்கள் சொல்லுங்கள்.

கடல்காற்று:
நான் போட்டேன், பல் தேய்வது நின்றது. காலை இறுக்கம் மட்டும் முழுசாகப் போகவில்லை.