ராஜினாமா கணக்கில் ரூ.1,26,080 கட்டச் சொல்கிறார்கள், உதவுங்கள்

வாலாஜாக்காரன்: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ராஜினாமா செய்துவிட்டேன். சேரும்போது தந்த போனஸும் நோட்டீஸ் பிடித்தமும் சேர்த்து 1,26,080 கட்டு, இல்லாவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடையாது என்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அப்படி இல்லை. அவசரம்.

காட்பாடி சேகர்: எப்போது சேர்ந்தீர்கள், எப்போது கடிதம் கொடுத்தீர்கள், கடைசி நாள் எது? ஆர்டரில் இருக்கும் வரிகளை அப்படியே போடுங்கள்.

ஆற்காடு மணி: போனஸுக்கென்று சட்டமே இருக்கிறது. ராஜினாமா செய்தால் போனஸைத் தொடவே முடியாது தம்பி.

பழைய எச்ஆர்: அந்தச் சட்டம் ஆண்டு போனஸுக்கு. இது சேரும்போது ஒப்பந்தப்படி கொடுத்தது, அதற்குப் பொருந்தாது. ஆர்டரைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் பிறகு இங்கே வந்து அழுவதும் வழக்கமாகிவிட்டது.

வாலாஜாக்காரன்: சேர்ந்தது 3.6.2024. கடிதம் 20.5.2025. கடைசி நாள் 14.6.2025. நோட்டீஸ் 60 நாள், 35 நாள் குறைவு. மொத்தச் சம்பளம் 48,000, பேசிக் 24,000. ஆர்டரில்: “குறையும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் செலுத்த வேண்டும்”, “12 மாதத்துக்குள் பணியிலிருந்து விலகினால் போனஸ் 60,000 திருப்பித் தர வேண்டும்”.

காட்பாடி சேகர்: இப்போது புரிகிறது. 48,000-ஐ 30-ஆல் வகுத்து 35 நாளுக்கு 56,000 போட்டிருக்கிறார்கள். அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 10,080. ஆர்டர் சொல்வது பேசிக், அப்படியானால் 28,000 மட்டுமே. நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கையே விட்டது, எண் 178. அதை இணைத்து மெயில் போடுங்கள். போனஸில், விலகிய நாள் ஜூன் 14. அதற்குள் 12 மாதம் முடிந்துவிட்டது. அவர்கள் ராஜினாமா கடிதத்தின் தேதியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய எச்ஆர்: “நோட்டீஸில் இருந்தாலும் பொருந்தும்” என்று போனஸுக்கு வேறு கடிதம் இருக்கும். அதையும் பாருங்கள். கணக்குத் தீரும்வரை “பாக்கி ஏதுமில்லை” தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆம்பூர் செல்வி: எனக்கு நோட்டீஸ் பணத்தைப் புதுக் கம்பெனியே கட்டியது. கேட்டுப் பாருங்கள்.

ஆற்காடு மணி: நேராக வேலூர் லேபர் ஆபீஸுக்குப் போங்கள், ஒரே வாரத்தில் வழிக்கு வருவார்கள்.

பழைய எச்ஆர்: முதலில் அவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வர வேண்டும். மெர்ச்சண்டைசர் வருவாரா?

ஆற்காடு மணி: பதவிப் பெயரைப் பார்க்க மாட்டார்கள், செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். ராணிப்பேட்டையில் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன்!

காட்பாடி சேகர்: மெயில் போன பிறகு அந்தச் சண்டையை வைத்துக்கொள்ளலாமே.

வாலாஜாக்காரன்: மெயில் போட்டேன். ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள், நோட்டீஸை 28,000 ஆக்கிவிட்டார்கள். போனஸுக்குத் தனிக் கடிதம் எதுவும் என்னிடம் இல்லை, அவர்களும் காட்டவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறார்களாம். சேகர் அண்ணனுக்கு நன்றி.