புதுப்பிப்பு: பழைய பேனாவின் கிட்டப் படங்கள்

“நிப்பு தங்கமா, முலாமா? எழுத்தைப் பார்த்தே சொல்லலாமா?”

இப்படிக் கேட்ட நாகர்கோவில் நண்பரின் பழைய பேனாவின் கிட்டப் படங்கள் வந்துவிட்டன. நிப்பில் ‘இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி’ மட்டுமே. 14கே, 585 என்ற தங்க முத்திரை எதுவும் இல்லை. அந்த வரி நிப்பு நுனியில் இருக்கும் கடின உலோகப் பொட்டைப் பற்றியது. தங்கத்துக்கோ ஜெர்மனியில் செய்ததற்கோ சாட்சி இல்லை. காற்றுத்துளை ஓரம் மஞ்சள் போய் வெள்ளை தெரிகிறது. எனக்கு அது முலாம் தேய்ந்த எஃகுதான்.

காந்தம் ஒட்டவில்லையே என்கிறார் மார்த்தாண்டம் அண்ணன். ஒட்டினால் தங்கம் இல்லை, சரி. ஒட்டாத எஃகும் உண்டே.  

பேனாவின் உள்ளே மை உறிஞ்ச அழுத்துபட்டையும் ரப்பர் பையும். நிப்பைத் தண்ணீரில் வைத்துப் பட்டையை அழுத்தினால் குமிழி வரவில்லை. பை விறைத்திருக்கும், அல்லது கிழிந்திருக்கும்.

மூடி வளைய எழுத்து பாதி தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் இன்னொரு படம் வந்தால்தான், எந்தக் கம்பெனிப் பேனா என்று பார்த்து, நிப்பு மாற்றியதா என்று பேசலாம்.