லிஃப்ட்டைத் தூக்கினால் கடகடக்கும் ரொட்டவேட்டர்: உங்களுக்கும் நடந்ததா?

வெண்ணாற்றங்கரை

போன சம்பாவுக்கு முன்னால் நடந்தது. என்னிடம் இருப்பது 45 ஹெச்.பி. வண்டி, பின்னால் ஆறடி ரொட்டவேட்டர். ஒரே பருவத்தில் ஜாயின்ட் ஷாஃப்ட்டில் கிராஸ் இரண்டு முறை உடைந்துவிட்டது. முதல் முறை பட்டறையில் "டூப்ளிகேட் கிராஸ் போட்டிருக்கீங்க" என்று சொல்லி வேறு மாட்டிக் கொடுத்தார்கள். நானும் நம்பினேன்.

இரண்டாவது முறை நான் பக்கத்து வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தேன். வரப்போரம் வண்டியைத் திருப்ப டிரைவர் லிஃப்ட்டைத் தூக்கினார். பி.டி.ஓ. ஓடிக்கொண்டேதான் இருந்தது. கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் டமார். பி.டி.ஓ.வில் மாட்டியிருந்த பாதி ஷாஃப்ட் சாட்டை மாதிரி சுழன்று டாப் லிங்க்கை அடித்து வளைத்துவிட்டது. டிரைவர் சட்டென்று கிளட்ச்சை முழுக்க மிதித்தார், தப்பித்தோம்.

யோசித்துப் பார்த்தால், அந்தச் சத்தம் முதல் முறை சரிசெய்து வந்த நாளிலிருந்தே இருந்தது. சேற்றில் இறங்கி ஓடும்போது லேசான அதிர்வுதான். தூக்கினால் சீட்டு வரை உதறும். கனமான கருவி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

களத்துமேடு

அண்ணே, ரேஸைக் குறைக்காமல் தூக்குவதுதான் காரணம். என் வண்டியிலும் உதறும். தூக்குவதற்கு முன்னால் ரேஸைப் பாதியாகக் குறைத்துவிடுவேன், சத்தம் போய்விடும். இன்னொன்று, இறக்கும்போது லிஃப்ட் லீவரைக் கடைசி வரை தள்ளிவிடுங்கள். அப்போதுதான் ஆயில் பிரஷர் ரொட்டவேட்டரைக் கீழே அழுத்திப் பிடிக்கும், குதிக்காது.

பழைய பட்டறை

முப்பது வருஷம் டிராக்டர் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வு. வெண்ணாற்றங்கரை தம்பி, ஒரு கேள்வி. முதல் முறை கிராஸ் மாற்றும்போது ஷாஃப்ட்டை நடுவில் இரண்டாக உருவி எடுத்தார்களா? உங்கள் ஷாஃப்ட் சதுரக் குழாயா?

இன்னொரு கிராஸ் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றி, பி.டி.ஓ.விலும் கியர்பாக்ஸிலும் மாட்டும் வெளிக்கவைகளை மறந்துவிட்டு, நடுக்குழாயோடு சேர்ந்த உள்கவைகள் இரண்டை மட்டும் பாருங்கள். சமதரையில் வைத்தால் ஒரு கவையின் இரண்டு காதும் தரையைத் தொட்டுப் படுத்திருக்க வேண்டும். அதே நேரம் மறுமுனைக் கவையும் அப்படியே படுத்திருக்க வேண்டும். ஒன்று படுத்து மற்றது நின்றால், உங்கள் வியாதி அதுதான்.

வெண்ணாற்றங்கரை

ஐயா, இப்போதுதான் பார்த்தேன். சதுரக் குழாய்தான். ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று நிற்கிறது! கிரீஸ் போட உருவியபோது என் டிரைவரே மாற்றிச் சொருகினாரா, பட்டறையில் நடந்ததா தெரியவில்லை. ஆனால் இதனால் எப்படிக் கிராஸ் உடையும்? எப்படிச் சொருகினாலும் சுற்றத்தானே செய்கிறது?

பழைய பட்டறை

சுற்றும். ஆனால் சீராகச் சுற்றாது. அதுதான் விஷயம்.

கிராஸ் ஜாயின்ட் நேராக இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. மடங்கியிருந்தால், உள்ளே வரும் சுற்று ஒரே வேகம், வெளியே போகும் சுற்று ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமாகியும் இரண்டு முறை மெதுவாகியும் போகும். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி மடங்கினால், அந்தப் பக்கம் 468-க்கும் 624-க்கும் நடுவே ஏறி இறங்கும். 540 என்றால் நொடிக்கு 9 சுற்று, ஆக நொடிக்கு 18 தடவை இந்த உதறல்.

இதைச் சரிக்கட்டத்தான் மறுமுனையில் இன்னொரு ஜாயின்ட். உள்கவைகள் இரண்டும் ஒரே வரிசையில் இருந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு மடங்கியிருந்தால், முதலாவது கெடுத்ததை இரண்டாவது நேராக்கிவிடும். கியர்பாக்ஸுக்குப் போகும் சுற்று மறுபடி சீராகிவிடும். உங்களுடையது குறுக்காகச் சொருகியிருக்கிறது. அதனால் நேராக்க வேண்டிய ஜாயின்ட் இன்னும் கெடுக்கிறது. அதே 30 டிகிரியில் கணக்குப் போட்டால் 405-லிருந்து 720 வரை போகும். அவ்வளவு கனமான ரோட்டரை நொடிக்கு 18 தடவை இழுத்து இழுத்து விடுவது யார்? அந்தச் சின்னக் கிராஸ்தான்.

சேற்றில் ஓடும்போது ஷாஃப்ட் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். 15 டிகிரி மடங்கினால்கூட ஒரு ஜாயின்ட்டில் 522-லிருந்து 559 வரைதான் ஆடும். அதனால்தான் லேசான அதிர்வு. தூக்கினால் மடிப்பு கூடுகிறது, உதறல் அதைவிட வேகமாகக் கூடுகிறது. டூப்ளிகேட் கிராஸ் என்று சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் ஒரிஜினல் போட்டிருந்தாலும் உடைந்திருக்கும்.

களத்துமேடு சொன்னது பாதி சரி. வேகம் பாதியானால் அந்த இழுப்பின் அடி கால்வாசியாகிவிடும், அதனால் சத்தம் அடங்கும். கோளாறு அடங்காது. இன்னொரு விஷயம், ஹைட்ராலிக் பம்பும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது. ரேஸைக் குறைத்தால் ஆயில் குறைவாக வரும், லிஃப்ட் மெதுவாக ஏறும். தூக்கும் பலம் குறையாது, நேரம்தான் கூடும்.

ஆனால் லிஃப்ட் கீழே அழுத்தும் என்பது தப்பு. நம் வண்டிகளில் லிஃப்ட் சிலிண்டருக்கு ஒரு பக்கம்தான் ஆயில் போகும். ஆயில் போனால் தூக்கும், ஆயிலை விட்டால் கருவி தன் பாரத்தில் இறங்கும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால், கருவியைத் தரையில் வைத்துவிட்டு லீவரைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். பின்சக்கரம் ஒரு இம்மியாவது எழும்புகிறதா?

களத்துமேடு

சரிங்க ஐயா, சாயங்காலம் பார்க்கிறேன். ஆனால் லீவரைத் தள்ளினால் குதிப்பது நிற்கிறதே? அது எப்படி?

பழைய பட்டறை

லீவர் பாதியில் இருந்தால் லிஃப்ட் கருவியைத் தொங்கலில் பிடித்திருக்கும். முழுக்கத் தள்ளினால் பாரம் பக்கச் சறுக்குக் கட்டையில் உட்கார்ந்துவிடும். பார்ப்பதற்கு அழுத்துவது மாதிரி இருக்கும்.

தாராபுரத்தான்

லிஃப்ட் என்றதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டதுங்க. எனக்கு ரொட்டவேட்டர் இல்லை, ஒன்பது கொத்துக் கலப்பை. கோடை உழவில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கலப்பை தானாக மேலே எழும்பும், அப்புறம் இறங்கும். லிஃப்ட் போய்விட்டது என்று பட்டறையில் விட்டேன். பிரித்து ஓ-ரிங் எல்லாம் மாற்றி, நல்ல தொகை வாங்கினார்கள். மறுநாள் வயலில் அதே கதை. இதற்கும் ஜாயின்ட் ஷாஃப்ட்தான் காரணமா?

பழைய பட்டறை

இல்லை தம்பி, கலப்பைக்கு ஷாஃப்ட்டே கிடையாதே. உங்கள் வண்டியில் லிஃப்ட்டுக்கு இரண்டு லீவர் இருக்கும். ஒன்று உயரத்தைப் பிடிப்பது, இன்னொன்று இழுவையைப் பார்ப்பது. நீங்கள் எதில் ஓட்டினீர்கள்?

கெட்டியான இடம் வந்தால் கலப்பை பின்னால் இழுக்கும், மேல் பகுதி முன்னால் சாய்ந்து டாப் லிங்க்கை வண்டியை நோக்கித் தள்ளும். டாப் லிங்க்கின் அடியில் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அது அமுங்கினால் வால்வு திறந்து லிஃப்ட் கொஞ்சம் தூக்கும், இழுவை குறைந்ததும் மறுபடி இறக்கும். வண்டி திணறாமல், பின்சக்கரத்துக்குப் பாரமும் கிடைக்கும்படி வைத்த ஏற்பாடு. ஹாரி ஃபெர்குசன் என்பவர் 1930-களில் டிராக்டரில் கொண்டுவந்தது. உங்கள் மண் இடத்துக்கு இடம் மாறினால் கலப்பையும் ஏறி இறங்கத்தான் செய்யும். அளவுக்கு மீறி ஆடினால் அந்த லீவரின் உணர்வைக் குறைத்து வைக்கலாம்.

கோளாறா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கலப்பையைத் தூக்கி வைத்து, வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட விடுங்கள். அப்போதும் விட்டுவிட்டு விக்கல் மாதிரி இறங்கி ஏறினால், உள்ளே ஆயில் கசிகிறது. அசையாமல் நின்றால் ஓ-ரிங் மீது பழி இல்லை.

தாராபுரத்தான்

நின்றால் ஆடவே ஆடாதுங்க. அப்போ அந்தக் காசு?

வெண்ணாற்றங்கரை

(தாராபுரத்தாருக்கு ஆறுதல். என்னுடைய இரண்டு கிராஸ் காசையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.)

இன்று ஷாஃப்ட்டைச் சரியாகச் சொருகி, குழாய் மேல் பெயின்டில் அம்புக்குறி போட்டுவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன். சேற்றில் அதிர்வே இல்லை. தூக்கும்போது கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பழைய கடகட இல்லை.

பழைய பட்டறை

அந்தக் கொஞ்சம் இருக்கும். தூக்கினால் கருவி சாய்ந்துவிடும், இரண்டு முனையிலும் மடிப்பு ஒரே அளவாக இருக்காது. டாப் லிங்க் நீளத்தை, உழும் உயரத்தில் கியர்பாக்ஸ் தண்டும் பி.டி.ஓ. தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி வையுங்கள். தூக்கும்போது பிளேடு மண்ணை விட்டு ஒரு சாண் எழும்பினால் போதும். லீவர் ஓடும் தகட்டில் தடுப்பு நட்டு இருந்தால் அங்கே வைத்து முடுக்குங்கள், டிரைவர் அவசரத்தில் அதற்கு மேல் தூக்க முடியாது. சாலையில் போக முழு உயரம் தூக்க வேண்டும் என்றால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

நெல்லை மாரி

எல்லாரும் கிராஸ் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். கதிரடிக்கும் மெஷினை பி.டி.ஓ.வில் மாட்டி ஓட்டியபோது, ஷாஃப்ட்டின் மேல்மூடி எப்போதோ உடைந்து கழற்றிப் போட்டாயிற்று. குனிந்து நெல்லை வாரினார், வேட்டி முனை பட்டது. பழைய வேட்டி, அதனால் கிழிந்தது. கிழியாமல் பிடித்திருந்தால் ஆளும் போயிருப்பார். இரண்டு விரல்தான் போச்சு.

பிறகு நானே கணக்குப் போட்டேன். கவை 10 செ.மீ. அகலம் என்றால் சுற்றளவு 31 செ.மீ. நொடிக்கு 9 சுற்று. ஏறக்குறைய 2.8 மீட்டர் துணியை ஒரு நொடியில் சுருட்டிவிடும். கையை எடுப்பதற்குள் துண்டு முழுவதும் உள்ளே. இப்போது மூடி இல்லாத ஷாஃப்ட் எங்கள் களத்துக்குள் வராது.

வெண்ணாற்றங்கரை

எனக்கும் மூடி இல்லை, நாளைக்கே பார்க்கிறேன். ஐயா, ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வொரு திருப்பத்திலும் பி.டி.ஓ.வை நிறுத்த வேண்டுமா? எங்கள் பக்கம் மணிக்கணக்கு வாடகை. வண்டியில் இரட்டைக் கிளட்ச். பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். ஒவ்வொரு வரப்பிலும் இதைச் செய்யச் சொன்னால் டிரைவர் வேலையை விட்டே போய்விடுவார்.

பழைய பட்டறை

என் கணக்கில் நிறுத்துவதுதான் நல்லது. ஒரு சாண் மட்டும் தூக்கினால் ஓட்டியபடியே திருப்பலாம் என்பவர்களும் உண்டு, அவர்கள் ஷாஃப்ட்டும் வருஷக்கணக்கில் ஓடுகிறது.

களத்துமேடு

ஐயா, சாயங்காலம் லீவரைத் தள்ளிப் பார்த்தேன். பின்சக்கரம் எழும்பவில்லை. ஆனால் திருப்பத்தில் நான் நிறுத்த மாட்டேன். எனக்கு ஒரு நாளில் நூறு திருப்பம்.