வீட்டு வளைகாப்புக்கு மேடை, பூ, மைக் செட்: மூணு ரேட்டையும் ஒண்ணா நிறுத்திப் பார்த்த கதை

கன்னங்குறிச்சி வாணி
தங்கச்சி வளைகாப்பு போன ஆவணியில எங்க வீட்டுலயே வெச்சோம். வீட்டை ஒட்டின காலி மனையில ஷாமியானா போட்டு மேடை. வந்தவங்க நூத்திச் சொச்சம் பேர். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அதுலயும் முகூர்த்த நாள். மண்டபத்துக்குப் போகாம வீட்டுலயே வைக்கிறவங்களுக்கு உதவும்னு ரேட் விவரத்தை இங்க போடுறேன்.

மூணு பேர்கிட்ட கேட்டோம். முதல் ஆள் எல்லாம் சேர்த்து 42,000. ரெண்டாவது ஆள் அதே "எல்லாம் சேர்த்து" 26,000. மூணாவது ஆள் பிரிச்சுச் சொன்னார்: மேடை 9,000, பூ 14,000, சவுண்ட் 6,500, ஆக 29,500. எங்க மாமாவுக்கு 26,000 கேட்டதுமே முகம் மலர்ந்துருச்சு, அட்வான்ஸ் குடுத்துடலாம்னு நின்னார்.

நான் ஒரு நோட்டுல மூணு பேர் சொன்னதையும் பக்கத்துப் பக்கத்துல எழுதினேன். முதல் ஆளோட பின்திரை 12 அடிக்கு 8 அடி, முழுக்க நிஜப்பூ, ரெண்டு கார்ட்லெஸ் மைக், லைட், சோபா, வண்டி வாடகை எல்லாம் அதுக்குள்ள. ரெண்டாவது ஆளுக்குப் போன் பண்ணி ஒவ்வொண்ணா கேட்டேன். திரை 10 அடிதானாம். பூ விளிம்புல மட்டும் நிஜம், நடுவுல துணிப்பூ. மைக் ஒண்ணு, அதுவும் ஒயர் வெச்சது. எங்க சந்துக்குள்ள வண்டி வராதுன்னதும், தெருமுனையிலிருந்து சாமான் சுமக்கக் கூலி தனின்னார்.

முதல் ஆள் தர்றதுக்குச் சமமா கேட்டா எவ்வளவுன்னு அவர்கிட்டயே கேட்டேன். பெரிய ஃபிரேம் 2,500, பூவை முழுக்க நிஜமாக்க 7,000, கார்ட்லெஸ் 1,000, வண்டியும் சுமைக்கூலியும் 2,500. கூட்டினா 39,000 ஆச்சு. மாமா அப்புறம் பேசவே இல்ல.

மூணாவது ஆள் கணக்குல லைட் 2,000, சோபா 1,500, வண்டி 1,500 சேர்த்தா 34,500. ஆனா அவர் ஒரு வார்த்தை வெச்சிருந்தார்: "முகூர்த்த நாளுங்க, பூ விலை ஏறினா அதைத் தனியா பார்த்துக்கலாம்." அந்தத் "தனியா" எவ்வளவுன்னு தெரியாம ஒத்துக்க மாட்டேன்னு சொல்லி, பூ எவ்வளவு ஏறினாலும் 17,000-க்கு மேல இல்லைன்னு எழுதி வாங்கினோம். அவரையே வெச்சோம். பூ 15,800 வந்தது, மொத்தம் 36,300.

சூரமங்கலம் சேகர்
பூவுக்கு எதுக்குங்க 15,800? விடியக்காலம் சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்குப் போய் நீங்களே கிலோ கணக்குல வாங்கிக் குடுத்திருந்தா பாதிப் பணம் மிச்சம். நான் என் பையன் காதுகுத்துக்கு அப்படித்தான் செஞ்சேன். டெக்கரேஷன்காரங்க லாபம் பார்க்கிறதே பூவுலதான்.

பழைய மைக்செட்காரர்
சேகர் தம்பி சொல்றதுல பாதி சரி. பூவுல லாபம் வைக்கிறாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கிலோ பூவைக் கொண்டாந்து குடுத்தா அதைக் கட்டுறது யாரு? 12 அடி திரையில அரை அடிக்கு ஒரு சரம் தொங்கவிட்டா 25 சரம். சரம் ஒண்ணு 8 அடின்னா மொத்தம் 200 அடிச் சரம். இதைக் கட்ட முந்தின நாள் சாயங்காலமே ஆளுங்க உட்காரணும். விடிகாலையில மார்க்கெட்டுக்குப் போனா சரம் ஆகாது, உதிரிப்பூதான் கையில இருக்கும். காதுகுத்துக்கு வாசல் தோரணமும் ரெண்டு மாலையும் போதும், அதனால உங்களுக்குச் சரியா வந்திருக்கும்.

ரேட் ஒப்பிடுறவங்க முக்கியமா கேக்க வேண்டியது இந்தச் சர இடைவெளியைத்தான். அரை அடிக்குப் பதிலா நாலு அங்குலத்துக்கு ஒண்ணுன்னா 25 சரம் 37 ஆயிடும், 200 அடி 296 அடி ஆயிடும். அதே 12 அடி, அதே 8 அடி, அதே சாமந்தி, பூ மட்டும் ஒண்ணரை மடங்கு. அரை அடி இடைவெளியும் போட்டோவுல நெருக்கமாத் தெரியும். நேர்ல வந்து பார்த்தா சரத்துக்கு நடுவுல துணி தெரியும். "ஏன்யா இப்படி?"னு கேட்டா "நீங்க குடுத்த காசுக்கு இதுதாங்க"ம்பாங்க. அதுவும் பொய்யில்ல.

ஓமலூர் மலர்
ஓமலூர் பக்கம் 300 பேருக்கு ஏசி மண்டபம் வாடகை எவ்வளவு ஆகும்? சாப்பாடும் அவங்களே போடுவாங்களா?

கன்னங்குறிச்சி வாணி
மலர், நாங்க மண்டபம் பக்கமே போகலைங்க, வீட்டுலதான் வெச்சோம். அதைத் தனியா கேட்டுப் பாருங்க.

அண்ணா, சர இடைவெளியை நாங்க கேக்கலை. ஆனா நெருக்கமாத்தான் கட்டியிருந்தாங்க. என்ன பூன்னு மட்டும் விவரமா பேசினோம். மல்லிச்சரம் வேணும்னு தங்கச்சி ஆசைப்பட்டா. பத்தரை மணி விசேஷத்துக்கு விடியறதுக்குள்ள கட்டி முடிச்சுருவோம், வெயில் ஏற ஏற மல்லி பழுத்துப் பழுப்பாயிடும்னு அவரே சொல்லிட்டார். திரைக்கு மஞ்சள் சாமந்தியும் செண்டுமல்லியும், நடுவுல சம்பங்கி, மல்லி தலைக்கு மட்டும்னு முடிவாச்சு. மத்தியானச் சாப்பாடு முடியற வரைக்கும் சாமந்தி அப்படியே இருந்தது. ரோஜா இதழ் தூவினது மட்டும் ஒரு மணி நேரத்துல சுருண்டுருச்சு.

ஏற்காடு கிச்சா
எங்க கதை வேற. மலை மேல எங்க வீட்டுல நிச்சயதார்த்தம். சேலத்துல 30,000 சொன்ன அதே ஆள் ஏற்காடுன்னதும் 41,000-ன்னார். 20 கொண்டை ஊசி வளைவுல சாமான் வண்டி ஏறணும், ராத்திரி ஆளுங்க தங்கணும், சாப்பாடு போடணும்னு கணக்கு. மே மாசம் கோடை விழா சமயம் வேற, கீழே இருந்து ஆளு கிடைக்கிறதே கஷ்டம்.

அங்க பூ வாடுற பிரச்சனையே இல்ல, முந்தின நாள் கட்டினது அப்படியே இருந்துச்சு. ஆனா ராத்திரி மஞ்சு இறங்கிப் பின்திரைத் துணி நனைஞ்சு ஓதம் கட்டித் தொங்கிருச்சு. காலையில அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டு நின்னோம். மலையில வைக்கிறவங்க துணியைக் காலையில கட்டச் சொல்லுங்க, பூ முன்னாடியே இருந்தாலும் பரவாயில்ல. உள்ளூர் ஆளையே பிடிச்சிருந்தா வண்டிக் காசு மிச்சமாயிருக்கும், ஆனா அவர்கிட்ட இருந்த ஃபிரேம் 8 அடிதான்.

அழகாபுரம் பாலு
சவுண்ட் பத்தி யாரும் பேசலையே. புதுமனை புகுவிழாவுக்கு ஒருத்தர் ரெண்டு டாப் ஸ்பீக்கர், ரெண்டு பேஸ் பாக்ஸ், 4,000 வாட்ஸ்னு 9,000 கேட்டார். இன்னொருத்தர் ரெண்டு டாப் மட்டும், 4,500. வாட்ஸ் அதிகம் இருந்தாத்தானே நல்லாக் கேக்கும்னு பெரிசையே எடுத்தோம். ஹோமம் அஞ்சு மணிக்கு, நாலரைக்கே நாதஸ்வரப் பாட்டு போட்டாச்சு. வீட்டு விசேஷத்துக்கு பர்மிஷன் எதுவும் தேவையில்லைன்னு அவரே சொன்னார்.

பழைய மைக்செட்காரர்
பாலு சார், அவர் சொன்னதை நம்பாதீங்க. 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. பகல்ல வைக்கவும் முறைப்படி எழுத்துல அனுமதி வாங்கணும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா இருந்ததால பிரச்சனை வரலை. கிரகப்பிரவேசத்துக்கு செட்டை 6 மணிக்குத்தான் ஓட்ட முடியும்னா, நாலு மணியிலிருந்து வாடகை எதுக்குக் குடுக்கணும்?

வாட்ஸ் கணக்கு ரேட் ஏத்துறதுக்கு வசதியான கணக்கு. வளைகாப்பு, நிச்சயம் மாதிரி நூறு பேர் கூடுற இடத்துக்கு ஸ்டாண்டுல ரெண்டு டாப் தாராளம். பேஸ் பாக்ஸ் டான்ஸ் ஆடுறவங்களுக்கு. வீட்டு விசேஷத்துல அது ஜன்னல் கண்ணாடியைத்தான் ஆட்டும். அந்தக் காசுக்கு ரெண்டாவது கார்ட்லெஸ் மைக்கும், மாத்து பேட்டரியும், கூடவே நிக்க ஒரு ஆளும் கேளுங்க. சிலர் செட்டை வெச்சுட்டு அடுத்த விசேஷத்துக்குப் போயிடுவாங்க. மைக் "கீ"னு கத்தும்போது ஓடி வந்து குறைக்க ஆள் இருக்காது. அது கத்துறது பாதி நேரம் பாக்ஸை மேடைக்குப் பின்னாடி வைக்கிறதால. பேசுறவங்களுக்கு முன்னாடி, கூட்டத்தைப் பார்த்து வெச்சா அந்தக் கத்தல் பெரும்பாலும் வராது.

இன்னொண்ணு, லைட். சில பேர் இன்னும் பழைய ஹாலஜன் ஃபோகஸ் கொண்டு வர்றாங்க, ஒண்ணு 1,000 வாட்ஸ். ரெண்டு போட்டா கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். போர்ட்டிகோவுல இருக்கிற சின்ன ப்ளக்குல சொருகினா அது உருகும். எல்இடின்னு எழுதி வாங்குங்க, இல்லைன்னா சமையல்கட்டுலயோ ஏசிக்கோ இருக்கிற பெரிய ப்ளக்குல இருந்து தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்க.

சூரமங்கலம் சேகர்
சரிண்ணா, பூ விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா மூணையும் தனித்தனி ஆள்கிட்ட குடுக்கிறதுதான் மலிவு, இதுல மாத்தம் இல்ல.

பழைய மைக்செட்காரர்
மலிவாயிருக்கலாம். மேடைக்காரன் லேட்டா வந்தா பூக்காரன் பூவை எங்க கட்டுவான்? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சொல்லிட்டு நிப்பாங்க, நீங்க நடுவுல. நான் ஒரே ஆள் பக்கம்தான்.

கன்னங்குறிச்சி வாணி
எங்களுக்கு ஒரே ஆள், பில் மட்டும் பிரிச்சு. அதனால பேரம் பேசவும் முடிஞ்சுது, லேட்டானா கேக்கவும் முடிஞ்சுது. எல்லாரும் அப்படிப் பிரிச்சுத் தருவாங்களான்னா, முதல் ஆள் கடைசி வரைக்கும் தரலை.

ஏற்காடு கிச்சா
வாணி அக்கா, ஜெனரேட்டர் வெச்சீங்களா? எங்களுக்கு வாடகை 3,500 சொல்லி, டீசல் நீங்களே போடணும்னு அன்னைக்குத்தான் சொன்னாங்க.

கன்னங்குறிச்சி வாணி
வைக்கலை கிச்சா. பகல் விசேஷம், எல்இடி லைட்டு, பக்கத்து வீட்டுல இன்வெர்ட்டர் இருந்துச்சு, மைக் செட்டுக்கு மட்டும் ஒரு லைன் கேட்டு வெச்சிருந்தோம். கரண்ட் போகலை. ராத்திரி விசேஷமா இருந்தா வாங்கியிருப்போம், அப்பவும் டீசல் யாருன்னு முதல்லயே கேட்டிருப்பேன்.

அட்வான்ஸ் பத்திச் சிலர் தனியா கேட்டிருந்தீங்க. 10,000 குடுத்தோம். மேடையும் திரையும் நின்னதும் 15,000, மிச்சம் கழட்டி முடிச்சதும். காலி மனை மண்தரை. மேடைக்குக் கீழ கட்டை குடுத்து மட்டம் பார்த்துட்டாங்களான்னு நாலு பேரை ஏத்தி நிறுத்திப் பார்த்த பிறகுதான் அந்த 15,000-ஐக் கையில குடுத்தோம். ஒரு மூலை ஆடுச்சு, உடனே கட்டையை மாத்தினாங்க.